பன்னிரண்டு பலகாரம், ஆளுக்கு இரண்டு வரி

கேள்வி: ஈரோட்டில் மாலை டிபன் கடை திறக்கிறேன். பன்னிரண்டு பலகாரம். மெனு கார்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதணுமாம். "சுவையான, சூடான" தாண்டி எனக்கு எதுவும் வரவில்லை. கார்டு டிசைன் செய்பவரே எழுதித் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் உங்கள் அடுப்படிக்கு வந்ததே இல்லை. ஏற்கனவே ஐம்பது கடைக்குக் கொடுத்த வரியைத்தான் பெயர் மாற்றித் தருவார். நான் மெனு பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன். ஒரே தெருவில் இரண்டு கடைகளில் பொங்கலுக்கு எழுத்துக்கு எழுத்து ஒரே வரியைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முதலாளிகளும் அதற்குக் காசு கொடுத்தவர்கள்.

எழுத வராததற்குக் காரணம் வார்த்தைப் பஞ்சமில்லை. "சுவையான" என்பது எதற்கும் பொருந்தும், அதனால் எதையும் காட்டாது. பலகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் செய்தோம், தட்டில் கூட என்ன வருகிறது. அதில் பக்கத்துக் கடையில் இல்லாதது எதுவோ அதை முதலில் வையுங்கள். பதினைந்து, இருபது சொல் போதும்.

உங்கள் ஊர்ப் பலகாரத்தையே எடுத்துக்கொள்வோம். சந்தகை. "பாரம்பரிய சுவையில் மென்மையான சந்தகை" என்று எழுதினால், வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் அதை இடியாப்பம் என்றுதான் நினைப்பார். இடியாப்பம் பெரும்பாலும் மாவைப் பிசைந்து பிழிந்து வேகவைப்பது. சந்தகையில் அரிசியை ஊறவைத்து அரைத்து, முதலில் வேகவைத்து, அப்புறம் சூட்டோடு பிழிகிறோம். அந்த வித்தியாசம்தான் உங்கள் வரி:

"புழுங்கல் அரிசியை ஊறவைத்து அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்தது. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் தனிக் கிண்ணத்தில்."

ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஆனாலும் படித்ததும் பசிக்கிறது. நாட்டுச்சர்க்கரையை நிஜமாகவே கவுந்தப்பாடியிலிருந்து வாங்கினால் ஊர் பெயரைச் சேருங்கள். வாங்கவில்லை என்றால் சேர்க்காதீர்கள்.

எல்லாத் தட்டிலும், எல்லா நாளும் இருப்பதை மட்டும் எழுதுங்கள். "நெய்யில் வறுத்த முந்திரி" என்று பொங்கலுக்கு எழுதிவிட்டால், முந்திரி விழாத தட்டு வந்தவர் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். பாதி எண்ணெய் கலந்து ஊற்றிவிட்டு நெய் ரோஸ்ட் என்று போடுவது ஏமாற்று, அதற்கு வேறு பெயர் கிடையாது.

பார்சல் மெனுவுக்குத் தனி வரி வேண்டும். மொறுமொறு தோசை டப்பாவில் தன் ஆவியிலேயே ஊறித் துவண்டுவிடும். கடைக் கார்டில் "மொறுமொறு" இருக்கலாம், டெலிவரி ஆப்பில் கூடாது. ஆனால் ஆப்பில் சேர்த்துவிட வரும் ஆள் கடைக் கார்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், அப்படியே ஏற்றிவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஒரு சொல்லை மாற்ற மூன்று வாரம் அலைந்தோம். ஒவ்வொரு முறையும் வேறொருவர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. விற்பனைக்குக் கமிஷன் எடுக்கிறவர்களுக்கு ஒரு வரியைத் திருத்த ஆள் இல்லையாம்! அதனால் பார்சலுக்கான வரிகளை முதல் நாளே தனித்தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

சட்னி, சாம்பாரை ஒவ்வொரு பலகாரத்துக்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம், மேலே ஒருமுறை போதும். ஒன்றுக்கு மட்டும் விலக்கு: வேர்க்கடலை. அதை அரைத்த சட்னி எந்தத் தட்டோடு வருகிறதோ, அந்த ஒவ்வொரு பலகாரத்தின் கீழும் எழுதுங்கள். "கடலைச் சட்னி" என்று எழுதக் கூடாது. ஒருவர் பொட்டுக்கடலை என்று நினைப்பார், இன்னொருவர் நிலக்கடலை என்று நினைப்பார். வெள்ளையாக அரைத்துவிட்டால் தேங்காய்ச் சட்னிக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. தேங்காய்ச் சட்னியில் கெட்டிக்காக ஒரு பிடி வேர்க்கடலை சேர்க்கும் பழக்கம் உங்கள் மாஸ்டருக்கு உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் அதுவும் கார்டில் வர வேண்டும். பொடி இட்லிக்குப் போடும் பொடியையும் மறக்காமல் கேளுங்கள்.

வெறும் இட்லிக்கு வரியே வேண்டாம். இட்லி தெரியாதவர் யார்? பன்னிரண்டில் ஐந்தாறுக்கு எழுதினால் போதும், அப்போதுதான் அந்த ஐந்தும் கண்ணில் படும்.

எழுதி முடித்ததும் மாஸ்டரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "இதை நான் போடுறதே இல்லையே" என்று அவர் சொன்ன இடத்தை அடியுங்கள். முதல் மாதம் சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஓட்டுங்கள். டிசைன்காரர் ஆயிரம் கார்டு லேமினேஷனோடு அடித்தால்தான் விலை கட்டும் என்பார். இரண்டு பலகாரம் ஓடாமல் எடுக்க வேண்டி வந்தால், அந்த ஆயிரமும் உங்கள் பரணில்தான் கிடக்கும்.