சாய்தளக் கணக்கில் உராய்வின் குறி தவறினால்?

"கோத்தகிரியில் பதினொன்றாம் வகுப்புத் தாள் திருத்துகிறேன். கப்பிக் கணக்கில் உராய்வின் குறி மட்டும் தவறு. ஐந்தில் எவ்வளவு குறைக்கலாம்?"

ஒன்று போதும். என் வகுப்பில் வந்த கணக்கைப் பாருங்கள்: 30° சரிவில் 4 கிலோ தேயிலை மூட்டை, கப்பிக்கு அப்பால் தொங்கும் 3 கிலோ எடை, μ = 0.2, g = 10. தொங்கும் எடை 30 நியூட்டன். சரிவு இழுப்பது 20 தான். ஆக, ஓய்விலிருக்கும் மூட்டை மேலே ஏறும், 6.9 நியூட்டன் உராய்வு கீழ்நோக்கி இருக்கும்.

```
30 − T = 3a
T − 20 − 6.9 = 4a
```

a = 0.44, T = 28.7. ஒரு மாணவி 6.9-க்கு முன் கூட்டல் போட்டு, a = 2.4 என்று முடித்திருந்தார். உராய்வே இல்லாவிட்டாலும் 1.43 தானே வரும்! அதைத் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டுங்கள், பிள்ளைக்குத் தவறு உடனே பிடிபடும். அப்புறம், முதல் சமன்பாட்டுக்கும், அந்தக் குறியை வைத்தே பிழையில்லாமல் தீர்த்ததற்கும் மதிப்பெண்ணை முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.