0.4% கார்பன் எஃகு ஆறும்போது பெர்லைட் எவ்வளவு வரும்?

"0.4% கார்பன் எஃகை உலையிலேயே மெதுவாக ஆறவிட்டால் ஃபெரைட் எவ்வளவு, பெர்லைட் எவ்வளவு? இரும்பு-கார்பன் சமநிலைப் படத்தில் எப்படிப் பார்ப்பது?"

படத்தில் 0.4-இல் செங்குத்தாகக் கோடு போட்டு இறங்கி வாருங்கள். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை எல்லாமே ஆஸ்டெனைட். அதற்குக் கீழே ஆஸ்டெனைட் படிக மணிகளின் ஓரங்களில் ஃபெரைட் பிறக்கும். அதில் கார்பனுக்கு இடம் மிகக் குறைவு, உச்சமே 0.022% தான். வெளியே தள்ளப்பட்ட கார்பன் மிச்ச ஆஸ்டெனைட்டில் சேர்ந்துகொண்டே போய், 727 டிகிரியில் 0.76% ஆகிவிடும். அந்த மிச்சம் முழுவதும்தான் பெர்லைட், அதாவது ஃபெரைட்டும் சிமென்டைட்டும் மாறி மாறி அடுக்கிய மெல்லிய தகடுகள். சரி, பெர்லைட்டின் அளவு?

(0.40 − 0.022) / (0.76 − 0.022) ≈ 0.51

ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

அம்பத்தூர் பட்டறைத் துண்டு ஒன்றை மெருகேற்றி, நைட்டாலில், அதாவது நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில், அரித்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஃபெரைட் வெளுப்பாகவும் பெர்லைட் கருப்பாகவும் தெரியும். வெளுப்பு பாதியைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், கார்பன் அளவு சரிதானா என்று பார்த்துவிட்டு, துண்டு காற்றில் வேகமாக ஆறியதா என்று விசாரியுங்கள். இந்தச் சமநிலைப் படம் மெதுவான குளிர்வுக்கு மட்டுமே பொருந்தும்.