போட்டோ பார்த்துச் சொல்லும் நிறத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: எனக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு உண்டு. துணியையோ வயரையோ போட்டோ எடுத்து, நிறம் சரியாகத் தெரிகிற ஒருவருக்கு அனுப்பி நிறம் கேட்கிறேன். வரும் பதிலை எவ்வளவு நம்பலாம்?

எனக்கும் அதே குறைபாடுதான். துணிக்கு ஓரளவு நம்பலாம், மெல்லிய வயருக்கு ரொம்ப யோசித்துத்தான் நம்ப வேண்டும், கரண்ட் ஓடுகிற வயரை போட்டோவை நம்பித் தொடவே கூடாது.

துணியில் பரப்பு பெரியது, அதனால் பிழைக்கு இடம் குறைவு. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கருநீலமா கருப்பா, கரும்பச்சையா கருப்பா என்கிற இடத்தில்தான். மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்பில் நீல ஒளி குறைவு, அதனால் கருநீலச் சட்டை கருப்பாகவே பதிவாகும், நல்ல கண் உள்ளவரும் கருப்பு என்றுதான் சொல்வார். இன்னொன்று, எது வெள்ளை என்பதை கேமரா தானாக ஊகித்துக்கொண்டு மற்ற நிறங்களை அதற்கேற்ப மாற்றுகிறது. ஃபிரேம் முழுக்கச் சட்டையே இருந்தால் அந்த ஊகம் தடுமாறும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், சட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுங்கள். பார்ப்பவருக்குத் தாளே மஞ்சளாகத் தெரிந்தால், சட்டையும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்வார்.

வயர் கதை வேறு. போனில் எடுக்கும் ஜேபெக் படங்களில் பிரகாசம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகப் பதிவாகும், நிறமோ பெரும்பாலும் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றுதான். கண் நுணுக்கமான நிற வித்தியாசத்தை அவ்வளவாகக் கவனிக்காது என்பதால் இடம் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு இது. தள்ளி நின்று பெட்டி முழுவதையும் எடுத்தால் ஒரு வயர் சில பிக்சல் அகலம்தான் இருக்கும், அப்போது பக்கத்து வயரின் நிறம் இதன் மேல் வழியும். சாட் ஆப்பில் அனுப்பும்போது படம் இன்னும் சுருங்கும். முதலில் காணாமல் போவது எர்த் வயரின் பச்சை–மஞ்சள் கோடுதான். நமக்குக் கோட்டை வைத்தாவது அடையாளம் தெரிய வேண்டிய ஒரே வயர் அது, படத்தில் ஏதோ இளம்பச்சையாகக் குழம்பி நிற்கும். ஆகவே கிட்டே போய், வயர் ஃபிரேமில் நல்ல தடிமனாகத் தெரியும்படி எடுத்து, படத்தைச் சுருக்காமல் ஃபைலாக அனுப்புங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது கோட்டின் ஓரம் கூர்மையாக இல்லையென்றால் அந்தப் படத்தை வைத்து நிறம் கேட்காதீர்கள்.

ஆள் வேண்டாம், நிறம் சொல்லும் ஆப் போதும் என்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்த ஆப் ஒரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை அதே வரிசையில் மூன்று எண்களாக எடுத்து, ஒரு பெயர்ப் பட்டியலில் எது கிட்டே இருக்கிறதோ அதைச் சொல்லும். வெப் பக்கங்களில் பயன்படும் பட்டியலில் `brown` என்பது `rgb(165,42,42)`. பெயர்தான் பிரவுன், பார்ப்பவர்களுக்கு அது மங்கிய சிவப்பு. நிழலில் இருக்கும் சிவப்பு வயர் `rgb(150,45,40)` என்று பதிவானால், அந்தப் பட்டியல்படி அதற்கு மிக நெருங்கியது `brown` தான்! அளவு சரி, பெயர்தான் காலை வாரும். அதனால் நான் பெயரை விட்டுவிட்டு எண்களைத்தான் பார்ப்பேன். இரண்டாவது எண் முதலாவதைவிட மிகக் குறைவு என்றால் சிவப்புப் பக்கம், இரண்டாவதுதான் பெரியது என்றால் பச்சைப் பக்கம்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘இது என்ன நிறம்?’ என்பதைவிட ‘1-ம் 3-ம் ஒரே நிறமா?’ என்ற கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் உறுதியானது, ஏனென்றால் ஒரே படத்தில் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் வெளிச்சம் செய்யும் தில்லுமுல்லு இரண்டு வயருக்கும் பொது. படம் எடுக்கும் முன்பே ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘இடது பக்கத்திலிருந்து இரண்டாவது’ என்று அவர் சொல்ல, நீங்கள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

சரி, நிறம் சரியாகவே கிடைத்தது என்று வையுங்கள். வயரின் வேலை அப்போதும் தெரியாது. பழைய பிரிட்டிஷ் முறையில் கருப்பு நியூட்ரல், அமெரிக்காவில் கருப்பு லைவ், ஐரோப்பாவில் இப்போது நீலம் நியூட்ரல். நடுவில் யாராவது கையில் கிடைத்த வயரை வைத்து ஒட்டுப் போட்டிருந்தால் எந்த முறையும் செல்லாது. நான் நிறத்தை வைத்து ஊகம் மட்டும் செய்துகொண்டு, மீட்டரால்தான் முடிவு செய்வேன். வீட்டு மெயின் என்றால் எலக்ட்ரீஷியன் நேரில் வந்து பார்ப்பதுதான் சரி.

எதிலும் இணைக்காத மூன்று கம்பிக் கேபிள் என்றால், எந்தக் கம்பி எது என்று நாமே கண்டுபிடிக்கலாம். இரு முனையிலும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அந்த முனையில் அ, ஆ என்ற இரண்டு கம்பிகளை முறுக்கி வையுங்கள். இந்த முனையில் மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து, எந்த ஜோடி கத்துகிறது என்று பாருங்கள். அப்புறம் அங்கே பிரித்து அ, இ இரண்டையும் முறுக்குங்கள், மறுபடி எந்த ஜோடி என்று பாருங்கள். இரண்டு முறையும் வந்த கம்பிதான் அ, மற்ற இரண்டும் தானாகத் தெரிந்துவிடும்.