தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு எப்படி எழுதப்பட்டது? – கேள்வி பதில்

அரசியலமைப்பு வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லா நாடுகளையும் தொட்டால் எதுவும் நிற்காது என்பதால், தென்னாப்பிரிக்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சட்ட மாணவி: ஐயா, தேர்தல் நடத்த விதிகள் வேண்டும். விதிகளை எழுதுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வேண்டும். எதிலிருந்து தொடங்குவார்கள்?

அங்கே இரண்டு ஆண்டுகள் இழுபறி நடந்ததே இதைப் பற்றித்தான். தேர்தலில் வென்றவர்களே எழுத வேண்டும் என்றது மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ். ஆட்சியில் இருந்த, வெள்ளையர்களின் தேசியக் கட்சிக்கு, தேர்தல் முடிந்தால் தன் பேச்சு எடுபடாது என்று தெரியும். அதனால் தேர்தலுக்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும் என்றது.

கடைசியில் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். 1993இல் 26 தரப்புகள் பேசி ஓர் இடைக்கால அரசியலமைப்பை உருவாக்கின. இறுதி ஆவணம் மீறக் கூடாத கோட்பாடுகளின் பட்டியலும் அதில் சேர்ந்தது. முடிவில் அவை 34. பிறகு 1994 ஏப்ரல் தேர்தலில் வந்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளும், மொத்தம் 490 பேர், அரசியலமைப்புச் சபையாக அமர்ந்து இரண்டு ஆண்டுக்குள் இறுதி ஆவணத்தை எழுத வேண்டும். அது கோட்பாடுகளுக்கு உட்பட்டதா என்று புதிய அரசியலமைப்பு நீதிமன்றம் சான்று தர வேண்டும். பெரும்பான்மைக்கு எழுதும் உரிமை, சிறுபான்மைக்கு முன்கூட்டியே போட்ட வேலி.

வரலாற்று ஆர்வலர்: கோடெசா என்ற பலகட்சிப் பேச்சுவார்த்தை 1992இல் முறிந்ததற்குக் காரணம் போய்பாட்டோங் என்ற கறுப்பினக் குடியிருப்பில் நடந்த படுகொலைதானே?

பாதி சரி. படுகொலை ஜூனில் நடந்தது, காங்கிரஸ் வெளியேறியதும் அதனால்தான். ஆனால் பேச்சு மே மாதமே ஒரு சதவீதக் கணக்கில் முட்டி நின்றுவிட்டது. புதிய சபையில் ஒரு விதி நிறைவேற எத்தனை சதவீத வாக்கு தேவை? 75 என்றது தேசியக் கட்சி. 70 தருகிறோம், அடிப்படை உரிமைகளுக்கு மட்டும் 75 என்றது காங்கிரஸ்.

ஐந்து சதவீதத்துக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றும். வரம்பு 75 என்றால் கால் பங்குக்குச் சற்று மேல் கையில் இருப்பவர் எதையும் தடுத்துவிடலாம். மூன்றில் இரண்டு என்றால் தடுப்பதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். இறுதியில் மூன்றில் இரண்டு என்றே முடிவானது. 1994இல் தேசியக் கட்சியும் சூலு மக்களின் ஆதரவு பெற்ற இன்காத்தா கட்சியும் சேர்ந்து, நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியச் சபையின் 400 இடங்களில் 125ஐப் பெற்றன, அதாவது 31 சதவீதம். பழைய 75 வரம்பு இருந்திருந்தால் அந்த இரண்டு கட்சிகளே கதவைச் சாத்தியிருக்கலாம்.

காங்கிரஸுக்கும் 490இல் 312தான் கிடைத்தது. தேவைப்பட்ட 327க்கு 15 குறைவு. எனவே யாரையாவது சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: நம் சாசனத்தை அம்பேத்கர் எழுதினார். அவர்களுடையதை எழுதியது மண்டேலாவா?

இல்லை. அம்பேத்கரும் தனியாக எழுதவில்லை. அவர் தலைமை தாங்கிய வரைவுக் குழுவின் முன் பெனகல் நரசிங் ராவ் தயாரித்த வரைவு ஏற்கெனவே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் சபைக்குத் தலைவர் சிரில் ராமபோசா. வாசகங்களைச் செதுக்கியவர்கள் கட்சிப் பேச்சாளர்களும் சட்ட வல்லுநர்களும். 1995 நவம்பரில் வெளியிட்ட வரைவைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உடன்படாத இடங்களில் இரண்டு மூன்று மாற்று வாசகங்களை அடுத்தடுத்து அச்சிட்டிருந்தார்கள். சண்டை எங்கே என்று யாரும் தேட வேண்டியதே இல்லை.

பள்ளி ஆசிரியை: இரு தரப்பும் ஒரே வாக்கியத்தை எப்படி ஏற்கிறார்கள்? யாராவது தோற்கத்தானே வேண்டும்?

பள்ளிமொழி விதியைப் பாருங்கள். 1996இல் கெடு நெருங்கியபோதும் தீராமல் கிடந்தவற்றில் இதுவும் ஒன்று. வெள்ளையர் பலரின் தாய்மொழியான ஆப்பிரிக்கான்ஸ் மட்டுமே பயிற்றுமொழியாக உள்ள அரசுப் பள்ளிகளை உரிமையாகவே உறுதி செய்ய வேண்டும் என்றது தேசியக் கட்சி. மொழியைச் சாக்காக வைத்து கறுப்பினப் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சியது காங்கிரஸ். இரண்டு அச்சத்திலும் உண்மை இருந்தது.

29ஆம் பிரிவில் வந்து நின்ற வாசகத்தின் சாரம் இது: நடைமுறையில் நியாயமாக இயலும் இடத்தில், அவரவர் விரும்பும் ஆட்சிமொழியில் கல்வி பெறும் உரிமை உண்டு. அதைச் செயல்படுத்த, ஒரே மொழிப் பள்ளிகள் உட்பட, நியாயமான மாற்று வழிகள் அனைத்தையும் அரசு பரிசீலிக்க வேண்டும். அப்போது சமநீதி, நடைமுறைச் சாத்தியம், பழைய இனவெறிச் சட்டங்களின் விளைவைச் சரிசெய்யும் தேவை ஆகியவற்றைக் கருத வேண்டும்.

‘ஒரே மொழிப் பள்ளிகள்’ என்ற சொல் உள்ளே வந்துவிட்டதால் தேசியக் கட்சி தன் ஆதரவாளர்களிடம் காட்ட ஒன்று கிடைத்தது. ஆனால் அது நிற்கும் இடம் ‘பரிசீலிக்க வேண்டும்’ என்பதற்குக் கீழே, ‘உரிமை உண்டு’ என்பதற்குக் கீழே அல்ல. காங்கிரஸ் பெற்றது அந்த இடமாற்றத்தை. யாரும் முழுதாகத் தோற்கவில்லை, சண்டையும் தீரவில்லை. 2009இல் எர்மெலோ என்ற ஊரின் பள்ளி வழக்கு இதே வாசகத்தோடு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலர்: எங்கள் சங்கத்துக்குப் புதிய விதிகள் எழுதுகிறோம். பழைய உறுப்பினர்கள் எல்லாவற்றுக்கும் தடையுரிமை கேட்கிறார்கள். அங்கே 1993 பேச்சில் வைத்திருந்த ‘போதிய ஒருமித்த கருத்து’ முறை எங்களுக்கு உதவுமா?

நீங்கள் நினைப்பது போல அது எல்லோரையும் அரவணைக்கும் முறை அல்ல. 1993இல் காங்கிரஸும் தேசியக் கட்சியும் ஒத்துப்போய்விட்டால், மற்றவர்கள் மறுத்தாலும் ‘போதும்’ என்று தலைமை அறிவிக்கலாம் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். இன்காத்தா அந்த ஜூலையில் வெளிநடப்புச் செய்ததும் இதில் மனம் கசந்துதான். உங்கள் பழைய உறுப்பினர்களிடம், எந்த மூன்று நான்கு விஷயங்களை மாற்றக் கூடாது என்று முதலில் எழுதி வாங்குங்கள். அவற்றை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை வாக்குக்கு விடுங்கள்.

சட்ட மாணவி (மீண்டும்): அவ்வளவு பேர் வாக்களித்ததை நீதிமன்றம் உண்மையிலேயே தடுத்ததா, அல்லது சான்று வெறும் சடங்கா?

தடுத்தது. 1996 மே 8 அன்று 421 பேர் ஆதரவோடு ஆவணம் நிறைவேறியது. எதிர்ப்பு இரண்டே வாக்குகள். இன்காத்தா வரவே இல்லை. செப்டம்பர் 6 அன்று நீதிமன்றம் சான்று தர மறுத்துவிட்டது. மாகாண அதிகாரம் இடைக்கால ஆவணத்தில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கிறது, அடிப்படை உரிமைகளைத் திருத்துவது அளவுக்கு மீறி எளிதாக இருக்கிறது என்று பல குறைகளைப் பட்டியலிட்டது. சபை மறுபடி உட்கார்ந்து அக்டோபரில் திருத்தியது. டிசம்பர் 4 அன்று சான்று கிடைத்தது, 10ஆம் தேதி ஷார்ப்வில்லில் மண்டேலா கையெழுத்திட்டார்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: நிலம் பற்றி நீங்கள் பேசவே இல்லை. பறித்த நிலத்துக்கு இழப்பீடு கொடுத்துத்தான் திரும்ப வாங்க வேண்டும் என்பது சமரசமா, சரணாகதியா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 25ஆம் பிரிவு இழப்பீடு ‘நியாயமாகவும் சமநீதியாகவும்’ இருக்க வேண்டும் என்கிறது. சந்தை விலை அதில் கருத வேண்டிய காரணிகளுள் ஒன்று மட்டுமே. நிலம் கைக்கு வந்த வரலாறும் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே வாசகம் கைகளைக் கட்டிவிடவில்லை என்பது என் கருத்து. பிறகு வந்த அரசுகள் அந்த இடைவெளியை ஏன் துணிந்து பயன்படுத்தவில்லை என்று கேட்பேன். ஆனால் பல ஆண்டுகளாக என் மாணவர்களில் பாதிப் பேர் உங்கள் பக்கம்தான், இதுவரை அவர்களை என்னால் மாற்ற முடியவில்லை.