ஓட்டி எனும் ஓவர்டைம் மணி குறைந்திருக்கிறதா? பேரோலுக்கு இப்படி எழுதுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமானக் கம்பெனியில் வேலை. மாத பேசிக் 858 வெள்ளி. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 5, சனிக்கிழமை மதியம் 12 வரை. ஜூலை டைம்ஷீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 8 மணி நேரத்தையும் சேர்த்து 49 மணி ஓட்டி இருக்கிறது. பேஸ்லிப்பில் 40 மணி, 270 வெள்ளி என்றுதான் வந்திருக்கிறது. சூப்பர்வைசர், ‘ஆபீஸில் கேள்’ என்கிறார். பேரோலுக்கு எப்படி எழுதுவது?

பதில்: ஒன்பது மணி நேரம் குறைகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 270 வெள்ளியை 40-ஆல் வகுத்தால் மணிக்கு 6.75 வருகிறது. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் சாதாரண ஓட்டியாகவே போட்டிருக்கிறார்கள். அதிலும் உங்களுக்குப் பணம் வரவேண்டியிருக்கும். மணியை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது.

எழுதும் முன் பேஸ்லிப்பில் ஓட்டிக் காலம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பல கம்பெனிகளில் பேசிக் மாதக் கணக்கிலும், ஓட்டி முந்தைய மாதம் 26 முதல் இந்த மாதம் 25 வரையிலும் போகும். சம்பளக் காலமும் ஓட்டிக் காலமும் வேறு வேறாக இருந்தால் அதைப் பேஸ்லிப்பில் காட்ட வேண்டும் என்பது விதி. உங்களுடையது அப்படியிருந்தால் ஜூலை 25-க்குப் பிறகு செய்த ஓட்டி அடுத்த மாதச் சீட்டில் வரலாம். இதைப் பார்க்காமல் எழுதினால் முதல் வரியிலேயே உங்கள் கணக்கு தவறு என்று திருப்பிவிடுவார்கள்.

காலம் சரியாக இருந்தால், பேரோலிடம் நாள்வாரி ஓட்டி விவரம் கேட்டு வாங்கி உங்கள் டைம்ஷீட்டோடு ஒவ்வொரு நாளாக ஒப்பிடுங்கள். குறை பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் இருக்கும். ஒன்று, வேறு சைட்டுக்கு அனுப்பிய நாட்கள். அந்த சைட்டின் டைம்ஷீட் ஆபீஸுக்குப் போயிருக்காது, பேரோல் வழக்கமான 8 மணி நேரத்தை மட்டும் போட்டிருக்கும். மற்றொன்று, சாப்பாட்டு நேரம். நீங்கள் ஏற்கனவே கழித்து எழுதிய ஒரு மணி நேரத்தை ஆபீஸில் மறுபடியும் கழித்திருப்பார்கள். சனிக்கிழமைகளில் இது அதிகம் நடக்கும்.

இனி ரேட். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேர அடிப்படைச் சம்பளம் இப்படி வரும்:

(12 × 858) ÷ (52 × 44) = 4.50 வெள்ளி

ஓட்டிக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 6.75. உங்கள் பேஸ்லிப்பில் இந்த ரேட் சரியாகத்தான் இருக்கிறது. 858 என்பது வொர்க் பெர்மிட்டுக்கு ஒப்புதல் தந்த ஐபிஏ கடிதத்தில் உள்ள பேசிக்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஞாயிறு உங்கள் ஓய்வு நாள் என்றால் அதற்குக் கணக்கு வேறு. கம்பெனி கேட்டு நீங்கள் வந்து, வழக்கமான நாளின் பாதிக்கு மேல் வேலை செய்திருந்தால் இரண்டு நாள் சம்பளம். வாரம் ஐந்தரை நாள் கணக்கில் உங்கள் ஒரு நாள் சம்பளம் (12 × 858) ÷ (52 × 5.5) = 36 வெள்ளி, எனவே 72 வரவேண்டும். 8 மணி ஓட்டியாகப் போட்டதில் 54 தான் வந்திருக்கிறது. 18 வெள்ளி குறைவு. ஆனால் நீங்களே கேட்டு அன்று வேலைக்கு வந்திருந்தால் முழு நாளுக்கு ஒரு நாள் சம்பளம்தான், 36 வெள்ளி. அப்போது இந்த வரியைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். கம்பெனி கூப்பிட்டது என்பதற்கு சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி போதும், அதை அழித்துவிடாதீர்கள்.

கடிதம் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. கீழே உள்ள தேதிகள் மாதிரிக்கு, உங்கள் தேதிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

> பெறுநர்: பேரோல் பிரிவு
> பொருள்: ஜூலை 2025 ஓட்டிச் சம்பளத்தில் 78.75 வெள்ளி குறைவு, திருத்தக் கோரி
>
> பெயர், வொர்க் பெர்மிட் எண், சைட்:
>
> ஜூலை மாதப் பேஸ்லிப்பில் ஓட்டி 40 மணி, 270 வெள்ளி என்று உள்ளது. சூப்பர்வைசர் கையெழுத்திட்ட டைம்ஷீட்டுடன் ஒப்பிட்டதில் கீழ்க்கண்ட நாட்களில் வித்தியாசம் உள்ளது.
>
> 9 ஜூலை, புதன்: காலை 8 – இரவு 9. ஓட்டி 4 மணி, கொடுத்தது 0 (இரண்டாவது சைட்)
> 10 ஜூலை, வியாழன்: காலை 8 – இரவு 9. ஓட்டி 4 மணி, கொடுத்தது 0 (இரண்டாவது சைட்)
> 19 ஜூலை, சனி: காலை 8 – மாலை 5. ஓட்டி 4 மணி, கொடுத்தது 3 (சாப்பாட்டு நேரம் இருமுறை கழிந்துள்ளது)
> குறைவு: 9 மணி × 6.75 = 60.75
>
> 20 ஜூலை, ஞாயிறு, ஓய்வு நாள்: சூப்பர்வைசர் சொன்னபடி காலை 8 – மாலை 5. வரவேண்டியது 72.00, கொடுத்தது 54.00
> குறைவு: 18.00
>
> மொத்தம்: 78.75 வெள்ளி
>
> சரிபார்த்து இத்தொகையைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் தவறு இருந்தால் எந்த நாளில் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.
> இணைப்பு: டைம்ஷீட், பேஸ்லிப், ஞாயிறு வேலைக்கான செய்தி

கடைசியில் உள்ள ‘எந்த நாளில் என்று எழுத்தில்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ‘செக் பண்ணியாச்சு, எல்லாம் சரி’ என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும். அதேபோல முதல் கடிதத்தில் மனிதவள அமைச்சுக்குப் போவேன் என்று எழுத வேண்டியதில்லை. பேரோலில் இருப்பவர் திருத்தக்கூடிய தவறுதான் இது. மிரட்டல் தெரிந்தால் கடிதம் அவர் மேசையிலிருந்து முதலாளி மேசைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

பேரோலில் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தேதியும் எண்ணும் எந்த மொழியிலும் ஒன்றுதான், அவை சரியாக இருந்தால் மொழிப் பிழை பெரிதாகத் தெரியாது. கையில் கொடுப்பதைவிட மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது, அனுப்பிய நாள் பதிவாகும். டைம்ஷீட்டின் அசலைக் கொடுக்காதீர்கள், படமெடுத்து அனுப்புங்கள். இனிமேல் மாதக் கடைசியில் காலியான டைம்ஷீட்டில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நிரப்பிய பிறகு கையெழுத்துப் போட்டு, உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிச் சம்பளத்தைச் சம்பளக் காலம் முடிந்த 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஜூலைக்கு அது ஆகஸ்ட் 14. பேஸ்லிப் கிடைத்த வாரமே எழுதினால் அந்தத் தேதிக்குள்ளேயே திருத்த வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டி அடுத்த சம்பளத்தோடு தருவதாகச் சொன்னால், ‘ஜூலை ஓட்டி நிலுவை 78.75’ என்று தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். ஆகஸ்ட் ஓட்டியோடு கலந்து போட்டால் எது எதற்கு வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி நினைவூட்டல் போதும். அதற்கும் பதில் இல்லை, அடுத்த சம்பளத்திலும் பணம் வரவில்லை என்றால் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டிஏடிஎம் அமைப்பில் சம்பளக் கோரிக்கை பதியலாம். சைட்டில் உடலுழைப்பு வேலை செய்பவர்களில் மாத பேசிக் 4,500 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு இந்த ஓட்டி, ஓய்வு நாள் விதிகள் பொருந்தும், அதனால் நீங்கள் இதற்குள் வருகிறீர்கள். வேலையில் இருக்கும்போது, பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். பெர்மிட் முடியப் போகிறவர்கள் ஊருக்கு டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.