கம்பெனி போடும் பிஎஃப் பணத்தில் மீதி 1,250 எங்கே போகிறது? வட்டி ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி: 2024 ஏப்ரல் 1-ல் முதல் வேலையில் சேர்ந்தேன். பேசிக் 15,000. மாசம் 1,800 பிஎஃப் பிடிக்கிறாங்க, கம்பெனியும் அதே 1,800 போடும்னு ஹெச்ஆர் சொன்னாங்க. பாஸ்புக்ல பார்த்தா கம்பெனி பங்கு 550 தான் இருக்கு. வட்டி 8.25%னு சொல்றாங்க, ஆனா முதல் வருஷத்துக்கு மொத்தமே 889 ரூபாய்தான் ஏறியிருக்கு. ஏமாத்துறாங்களா?

பதில்:

இல்லை. உங்கள் இரண்டு எண்களும் ரூபாய் பிசகாமல் சரியாக இருக்கின்றன. நான் கோயம்புத்தூரில் ஒரு சிறிய தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். புதிதாகச் சேருகிற பையன்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடு என் மேஜைக்கு வருவார்கள், பெரும்பாலும் வட்டி ஏறின வாரத்தில்.

பாஸ்புக்கை மறுபடி திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாத வரியிலும் மூன்று தொகைகள் இருக்கும்: Employee, Employer, Pension. உங்களுக்கு 1,800, 550, 1,250. கம்பெனி போட்ட 1,800 என்பது பின்னால் உள்ள இரண்டும் சேர்ந்தது. சட்டப்படி கம்பெனியும் உங்களைப் போல 12% கட்டுகிறது. ஆனால் அதில் 8.33% பென்ஷன் திட்டத்துக்குப் போகும், மிச்சம் 3.67% மட்டும் உங்கள் பிஎஃப் கணக்கில் சேரும். 15,000-க்கு 8.33% என்பது 1,250, மீதி 550. உங்கள் பங்கு 12% மட்டும் முழுசாக பிஎஃப்புக்கே போகிறது.

சம்பளம் ஏறினாலும் பென்ஷன் பக்கம் 1,250-ஐத் தாண்டாது, ஏனென்றால் அந்தக் கணக்குக்கு 15,000 தான் உச்சவரம்பு (2014 செப்டம்பர் 1 முதல், அதற்கு முன் 6,500). நாளைக்கு உங்கள் பேசிக் 20,000 ஆகி, கம்பெனி முழு 12% போட்டால் 2,400 வரும். அதில் 1,250 பென்ஷனுக்கு, 1,150 பிஎஃப்புக்கு. ஆனால் 15,000-க்கு மேல் உள்ள சம்பளத்துக்குப் பங்கு போட வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. 1,800-லேயே நிறுத்திக்கொள்கிற இடங்கள் நிறைய. இன்க்ரிமென்ட் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஹெச்ஆர் கொடுத்த ஆஃபர் லெட்டரில் சிடிசி கணக்கைப் பார்த்தால் இந்த 1,800-ஐயும் உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே காட்டியிருப்பார்கள். சில இடங்களில் அது 1,950 என்று இருக்கும். காப்பீட்டுக்கு 75, நிர்வாகக் கட்டணம் 75 இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். அந்த 150 உங்கள் கணக்குக்கு வராது. அந்தக் காப்பீடு என்னவென்றால், வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துவிட்டால் நாமினிக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும் திட்டம். எனவே நாமினி பெயரை இணையத்தில் பதிந்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

சரி, வட்டிக்கு வருவோம். 1,800-ஐயும் 1,800-ஐயும் கூட்டி, 3,600-ஐ 12-ஆல் பெருக்கி, வந்த 43,200-க்கு 8.25% போட்டு 3,564 வர வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். அதில் மூன்று இடங்களில் கணக்கு உதைக்கிறது.

முதலாவது, பென்ஷன் பணத்துக்கு வட்டியே கிடையாது. எனவே வட்டிக்கு வருவது மாதம் 3,600 இல்லை, 1,800 + 550 = 2,350 தான்.

இரண்டாவது, ஏப்ரல் மாதச் சம்பளத்தின் பிஎஃப் ஏப்ரலில் கட்டப்படுவதில்லை. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி சலான் போட வேண்டும். ஆக, உங்கள் முதல் தவணை போய்ச் சேர்ந்தது மே மாதம். மார்ச் சம்பளத்துக்கான தவணை அடுத்த ஏப்ரலில், அதாவது அடுத்த கணக்காண்டில் விழும். 2024-25-இல் உங்கள் கணக்கில் விழுந்தது 12 தவணை இல்லை, 11.

மூன்றாவது, வட்டி மாத நிலுவைக்குத்தான் கணக்காகிறது, வருஷக் கடைசியில் உள்ள மொத்தத் தொகைக்கு இல்லை. ஒரு மாதத்தில் விழும் பணத்துக்கு வட்டி ஓடத் தொடங்குவது அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து. மே மாதம் விழுந்த 2,350-க்கு ஜூன் முதல் மார்ச் வரை 10 மாத வட்டி. ஜூனில் விழுந்ததற்கு 9 மாதம். இப்படியே இறங்கி, மார்ச்சில் விழுந்ததற்கு அந்த ஆண்டு வட்டி பூஜ்யம். 10, 9, 8 என்று பூஜ்யம் வரை கூட்டினால் 55. கணக்கு இவ்வளவுதான்:

```
2350 × 55 × 8.25 / 1200 = 888.59
```

889 வந்துவிட்டதா? பிரித்துப் பார்த்தால் உங்கள் பங்குக்கு 681, கம்பெனி பங்குக்கு 208. முதல் வருஷம் எல்லோருக்கும் இப்படித்தான் சப்பென்று இருக்கும்.

வட்டி விகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நிலையானதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிஎஃப் அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு பரிந்துரைத்து, நிதியமைச்சகம் ஒப்புக்கொண்ட பிறகுதான் கணக்கில் ஏறும். 2021-22-இல் 8.10, அடுத்த ஆண்டு 8.15, 2023-24-லும் 2024-25-லும் 8.25. இந்த நடைமுறையெல்லாம் முடிந்து பாஸ்புக்கில் வட்டி வரி தெரிவதற்கு ஆண்டு முடிந்து சில மாதங்கள் ஆகும். அதனால் நஷ்டம் இல்லை, அந்த வரியில் Int. Updated upto 31/03/2025 என்றுதான் இருக்கும். எப்போது ஏற்றினாலும் மார்ச் 31 கணக்குப்படிதான். ஏப்ரல் 1 முதல் அந்த வட்டிக்கும் வட்டி ஓடும்.

இப்போது அந்த வட்டியில்லாத 1,250. இதைத்தான் பலரும் சேமிப்பு என்று தப்பாக நினைக்கிறார்கள். அது உங்கள் பெயரில் தனியாகக் குவியும் பணம் இல்லை, பொதுவான பென்ஷன் நிதிக்குப் போகிறது. அதில் உங்களுக்குச் சேருவது பணம் என்பதைவிட, வேலை பார்த்த வருஷங்கள் என்பதே சரி. குறைந்தது 10 வருஷம் சேர்ந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. பென்ஷனுக்கான சம்பளத்தை வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 15,000 சம்பளத்துக்கு 10 வருஷம் என்றால் மாதம் சுமார் 2,143. பெரிய தொகை என்று நான் சொல்லமாட்டேன்.

10 வருஷத்துக்கு முன்னால் இதை எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. மூன்று வருஷம் வேலை பார்த்தவருக்குக் கடைசிச் சம்பளத்தைப் போல 3.10 மடங்கு. உங்கள் விஷயத்தில் 46,500. மூன்று வருஷத்தில் உள்ளே போனது 36 மாதத்துக்கு 45,000. மூன்று வருஷத்துக்கு 1,500 ரூபாய்தான் கூடுதல். அதோடு நீங்கள் சேர்த்த மூன்று வருஷக் கணக்கும் அழிந்துவிடும். கம்பெனி மாறும்போது எடுக்காமல் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளச் சொல்வது இதனால்தான். மாற்றின பிறகு இன்னொரு பீதி வரும்: புதிய பாஸ்புக்கில் பிஎஃப் தொகை வந்திருக்கும், பென்ஷன் இடத்தில் பூஜ்யம் இருக்கும். பணம் தொலையவில்லை. பென்ஷனில் வருஷங்கள்தான் மாறும், ரூபாய் மாறாது.

உங்கள் நண்பர்களில் யாராவது முதல் வேலையிலேயே 15,000-க்கு மேல் பேசிக் வாங்கியிருந்தால் அவர் பாஸ்புக் வேறு மாதிரி இருக்கும். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாகச் சேருகிறவருக்கு, சேரும்போதே 15,000-ஐத் தாண்டினால், பென்ஷன் திட்டமே கிடையாது. கம்பெனியின் 12% முழுசாக அவர் பிஎஃப்பிலேயே விழ வேண்டும், வட்டியும் அதற்கு உண்டு. அப்படிப்பட்டவர் பாஸ்புக்கிலும் 1,250 பென்ஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தால் அது கணக்குப் பிரிவின் தவறு. என்னைப் போன்றவர்கள் பழைய பழக்கத்தில் செய்வது. அன்றே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்துப் பணம் எடுக்கப் போகும்போது திருத்துவது பெரும்பாடு.

ஏமாத்துறாங்களா என்று கேட்டீர்கள். ஏமாற்றுவது உண்டு, ஆனால் அது இப்படி 550-லும் 889-லும் தெரியாது. ஒரு மாத வரியே இல்லாமல் போவதில் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், நான்கு மாதம் என் சம்பளச் சீட்டில் 1,800 பிடித்தம் என்று அழகாக அச்சாகி இருந்தது. பாஸ்புக்கில் ஜூலைக்கு அடுத்த வரி டிசம்பர். அவர்கள் பங்கை மட்டும் போடாமல் விடவில்லை, என்னிடம் பிடித்த 7,200-ஐயும் வைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் "வந்துடும் சார்" என்பார்கள். சம்பளச் சீட்டு நகல்களோடு பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுத்த பிறகுதான் கட்டினார்கள். தாமதமாகக் கட்டும் கம்பெனி ஆண்டுக்கு 12% வட்டியும் அதற்கு மேல் அபராதமும் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அந்தப் பயம்தான் வேலை செய்தது. இப்போது புகாரை epfigms.gov.in தளத்திலேயே போடலாம். ஆனால் சம்பளச் சீட்டு கையில் இருக்க வேண்டும். மாதாமாதம் மெயிலில் வருவதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலையை விட்ட மறுநாள் அந்த மெயில் திறக்காது.

மாதம் 20-ஆம் தேதிவாக்கில் யுஏஎன்னோடு பதிந்த போனிலிருந்து EPFOHO UAN TAM என்று 7738299899-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், கடைசியாக விழுந்த தவணை தமிழிலேயே பதிலாக வரும்.

அடுத்த வட்டிக்கும் இப்போதே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளலாம். 2025 மார்ச் 31-இல் உங்கள் இருப்பு 25,850 + 889 = 26,739. விகிதம் அதே 8.25 என்று வைத்தால் இதற்கு முழு ஆண்டு வட்டி 2,206. புதிதாக விழும் 12 தவணைக்கு, முதலாவதற்கு 11 மாதம் என்று தொடங்கி இறங்கினால் 66 வரும்:

```
2350 × 66 × 8.25 / 1200 = 1066.31
```

இரண்டும் சேர்ந்து 3,272. விகிதம் மாறினால் 8.25 இருக்கும் இடத்தில் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு ரூபாய் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் குறைந்தால் எந்த மாதத்து வரி இல்லை என்று தேடுங்கள்.