கோப மெயிலில் என் பெயர், கோளாறு வேறு இடத்தில்

"க்ளையன்ட் என்னைப் பற்றிப் புகார் சொல்லி நேராக என் மேனேஜருக்கே மெயில் போட்டுவிட்டார். தப்பு நான் செய்தது இல்லை, டீமில் வேறு ஒருவர் செய்தது. அவரையும் காட்டிக் கொடுக்காமல், நானும் பழி சுமக்காமல் எப்படிச் சமாளிப்பது?"

எனக்கு இது ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது, அதையே சொல்கிறேன்.

மொத்த வியாபாரம் செய்யும் ஒரு க்ளையன்ட். அவர்களுடைய விலைப் பட்டியலை எங்கள் சர்வர் தினமும் ராத்திரி 2 மணிக்கு ஒரு ஃபைலாக அவர்களுக்கு அனுப்பும். வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு எங்கள் இன்ஃப்ரா டீமில் இருக்கும் தம்பி ஒருவர், காலாவதியாகப் போகிற பாஸ்வேர்டுகளை மாற்றும் வழக்கமான வேலையைச் செய்தார். மாற்றியதில் ஒன்றை இந்த ஜாபும் பயன்படுத்துகிறது என்பது அவருக்குத் தெரியாது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று ராத்திரியும் ஃபைல் போகவில்லை. திங்கட்கிழமை முதல் புது விலை அமலுக்கு வரவேண்டும், ஆனால் அன்று காலை அவர்கள் ஆட்கள் பழைய விலையிலேயே 212 ஆர்டர் எடுத்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு என் மேனேஜருக்கு மெயில் வந்தது: உங்கள் ஆளுக்குச் சொன்னால் பதிலே வருவதில்லை, இனி வேறு யாரையாவது போடுங்கள். எனக்கு வெறும் சிசி.

அந்த நேரத்தில் கை பரபரக்கும். எல்லோரையும் சிசியில் வைத்து, இது என் வேலையே இல்லை என்று ஆதாரத்தோடு ஒரு பதில் போடத் தோன்றும். நானும் பாதி டைப் செய்தேன். அனுப்பாமல் விட்டது பெருந்தன்மையால் இல்லை, மேனேஜர் போன் செய்துவிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு அது அதிர்ஷ்டம், ஏனென்றால் அந்த மெயிலில் நான் நெட்வொர்க் டீமைக் குற்றம் சொல்லியிருந்தேன், மதியம் பார்த்தால் அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் நமக்குக் "கண்டிப்பாகத் தெரிந்த" காரணம் பல சமயம் தப்பாகத்தான் இருக்கும். அதைக் க்ளையன்டுக்கு எழுதிவிட்டால் சாயங்காலம் இன்னொரு காரணம் எழுதவேண்டி வரும், அப்புறம் மூன்றாவதாக எழுதுவது உண்மையாகவே இருந்தாலும் நம்பமாட்டார்கள்.

அதனால் மேனேஜரிடம் காரணம் பேசாதீர்கள். அவருக்கு அப்போது தேவைப்படுவது மூன்றே விஷயம்: க்ளையன்டுக்கு என்ன நஷ்டம், அது இந்த நிமிடமும் நடந்துகொண்டிருக்கிறதா, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. நான் சொன்னது இதுதான்: "புது விலை போய்ச் சேரலை, இப்பவும் பழைய விலையில ஆர்டர் விழுந்துட்டு இருக்கு. ஃபைலைக் கையால அனுப்பிட்டு பத்தரைக்குக் கூப்பிடறேன். ஏன்னு இன்னும் தெரியலை." யார் செய்தது என்று அவர் கேட்டார், எல்லா மேனேஜரும் கேட்பார்கள். "தெரியலை, மத்தியானத்துக்குள்ள எழுத்துல தர்றேன்" என்றேன். உண்மையும் அதுதான்.

முதல் பதில் யார் பெயரில் போகவேண்டும்? மெயில் யாருக்கு வந்ததோ அவர் பெயரில்தான். நீங்கள் முந்திக்கொண்டு பதில் போட்டால், "இந்த ஆளைத் தாண்டித்தானே மேலே போனேன், திரும்ப இவரே வந்து நிற்கிறாரே" என்று கோபம் இன்னும் ஏறும். ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டியது நீங்கள். மேனேஜருக்கு நான் கொடுத்த வாசகம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"சனிக்கிழமை முதல் மூன்று நாட்களாகப் புது விலைப் பட்டியல் உங்களுக்கு வரவில்லை. அதனால் இன்று காலை ஆர்டர்கள் பழைய விலையில் பதிவாகியிருக்கின்றன. 10:15-க்குள் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். இன்வாய்ஸ் போடாத ஆர்டர்களை மட்டும் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள், அவற்றில் விலையைத் திருத்திக்கொள்ளலாம். காரணத்தை ஆராய்ந்து வருகிறோம், 1 மணிக்கு அடுத்த தகவல் தருகிறோம்."

இதில் "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" கிடையாது, கவனித்தீர்களா? அந்த வரியைப் படித்து யாருக்கும் கோபம் தணிந்து நான் பார்த்ததில்லை. அவருடைய நஷ்டத்தை அவர் சொன்ன கணக்கிலேயே திருப்பிச் சொன்னால்தான், இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நிற்பார். 1 மணி என்று சொன்னால் 1 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "இன்னும் தேடுகிறோம், 3 மணிக்குச் சொல்கிறோம்" என்று எழுதியே ஆகவேண்டும். அந்த நிறுத்தி வைக்கச் சொன்ன வரி நல்ல பலன் தந்தது. 212-ல் 160 ஆர்டருக்கு இன்னும் இன்வாய்ஸ் போகவில்லை, அங்கேயே சரிசெய்துவிட்டார்கள். மிச்சம் 52.

அப்புறம்தான் யார், எங்கே என்பது. இதற்கு ஞாபகத்தை நம்பாதீர்கள், யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம். மெயில், டிக்கெட், லாக் மூன்றையும் திறந்து நேர வரிசையில் ஒரு பட்டியல் போடுங்கள். நான் நெட்வொர்க் டீமைச் சந்தேகப்பட்டதற்குக் காரணமே இந்தப் பட்டியலை அவசரத்தில் போட்டதுதான். லாகில் `Permission denied` என்று முதல் தோல்வி வெள்ளி 20:30-க்கு இருந்தது. பாஸ்வேர்டு மாற்றிய டிக்கெட்டில் வெள்ளி 21:00. மாற்றுவதற்கு முன்பே தோற்றிருக்கிறதே, அப்படியென்றால் பாஸ்வேர்டு காரணமில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். மதியம்தான் உறைத்தது, சர்வர் லாக் யூடிசி நேரத்தில் இருக்கிறது, டிக்கெட் எங்கள் நேரத்தில், நாங்கள் ஐந்தரை மணி நேரம் முன்னால். அந்த 20:30 என்பது சனிக்கிழமை அதிகாலை 2 மணி. எல்லாவற்றையும் ஒரே நேரக் கணக்குக்கு மாற்றாமல் ஒருவர் மேல் விரல் நீட்டாதீர்கள், இதை நான் இப்போதும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதுண்டு.

அந்தப் பட்டியலில் நான் எதிர்பார்க்காத ஒரு வரியும் வந்தது. சனி காலை 11 மணிக்குக் க்ளையன்ட் பக்கத்தில் ஒரு ஜூனியர் எனக்கு மெயில் போட்டிருக்கிறார்: "ஃபைல் வரவில்லை, பார்க்க முடியுமா?" போனில் பார்த்தேன். லீவு நாள்தானே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் கேள்வியில் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துச் சொன்ன இரண்டைப் பிரிக்கவேண்டியது இங்கேதான். கோளாறு வேறு, புகார் வேறு. கோளாறு இன்ஃப்ராவில், அது நான் செய்தது இல்லை. ஆனால் க்ளையன்ட் எழுதிய புகார் "ஃபைல் வரவில்லை" என்பது இல்லை, "சொன்னேன், பதில் இல்லை" என்பது. அது என்னுடையதுதான். சனிக்கிழமையே ஒரு வரி பதில் போட்டு, ஒரு போன் செய்திருந்தால் திங்கட்கிழமைக்குள் ஃபைல் போயிருக்கும், மேனேஜர் வரைக்கும் விஷயம் வந்திருக்காது. உங்களுக்கு வந்த மெயிலையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அதில் உங்கள் பெயர் கோளாறுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, மௌனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா? மௌனம் என்றால் அந்தப் பங்கை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மேனேஜரிடம் அதை நான் சொன்ன பிறகுதான் மிச்சப் பட்டியலை அவர் சந்தேகமில்லாமல் கேட்டார்.

அறிக்கை எழுதுவதற்கு முன்னால் அந்தத் தம்பியிடம் தனியாகப் பேசினேன். இதை விட்டுவிடாதீர்கள், தன் பெயர் அடிபடுவதை அவர் கூட்டத்தில் வைத்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. "அக்கா, எந்தெந்த ஜாப் இந்த பாஸ்வேர்டை யூஸ் பண்ணுதுன்னு லிஸ்ட்ல 14 இருந்துச்சு, பதினாலையும் மாத்திட்டேன், இது லிஸ்ட்லயே இல்லையே" என்றார். பார்த்தேன், உண்மை. பதினைந்தாவதை ஆறு மாதத்துக்கு முன்னால் சேர்த்தது எங்கள் டீம், லிஸ்டில் எழுத மறந்ததும் எங்கள் டீம். அது போதாதென்று, தோற்றாலும் அலாரம் அடிக்காதபடி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தோம்: அனுப்பும் கட்டளையை `tee`-க்குப் பைப் செய்து, `set -o pipefail` போடாமல் விட்டதால், கட்டளை தோற்றாலும் `tee` ஜெயித்துவிடும், ஜாப் வெற்றி என்று பதிவாகும். காலையில் "வேறு யாரோ" என்று நினைத்த தப்பு மதியத்துக்குள் நடந்து நடந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

மேனேஜருக்கு அனுப்பியதில் அவர் பெயரை மறைக்கவில்லை. டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, மறைத்தால் நாளை தெரியவரும்போது நான் பொய் சொன்னதாகிவிடும். மாற்றியவர் இவர், கொடுத்த லிஸ்டில் இருந்த அத்தனையையும் மாற்றியிருக்கிறார், இது லிஸ்டில் விடுபட்டது எங்களால் என்று மூன்றையும் ஒரே பத்தியில் எழுதினேன். பெயரை மட்டும் தனியாகச் சொன்னால்தான் அது காட்டிக் கொடுப்பது. க்ளையன்டுக்குப் போன ஒரு பக்க அறிக்கையில் பெயரும் இல்லை, டீமும் இல்லை, எல்லாம் "நாங்கள்"தான். "எங்கள் இன்ஃப்ரா குழு" என்று எழுதினால்கூட அவருக்கு அது தட்டிக்கழிப்பாகத்தான் படும்.

இதே நிதானம் எல்லா இடத்திலும் செல்லாது. அந்த 52 இன்வாய்ஸில் விலை வித்தியாசத்தை நாங்கள் தரவேண்டும் என்று கேட்டார்கள். அங்கே நான் வாயே திறக்கவில்லை. நடந்ததை ஒப்புக்கொள்வது வேறு, பணம் தருகிறோம் என்று எழுத்தில் கொடுப்பது வேறு, அது ஒப்பந்தத்தைப் பார்ப்பவர்களும் மேனேஜரும் பேசவேண்டியது. அதேபோல, தப்பு செய்தவர் லாகைத் திருத்தினாலோ, தெரிந்தே மறைத்தாலோ தனியாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள், பட்டியலை அப்படியே மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, அந்த நேர வரிசையை அன்றைக்கே மேனேஜருக்கு மெயிலில் அனுப்பி வையுங்கள், பேச்சோடு விடாதீர்கள். வருஷ முடிவு மதிப்பீட்டில் எனக்கு "விலை ஃபைல் பிரச்சினைக்குக் காரணம்" என்று ஒரு வரி வந்தது. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, எட்டு மாதம் கழித்து ஞாபகத்தில் தங்கியது என் பெயர்தான். பழைய மெயிலைக் காட்டினேன், "வார இறுதித் தகவலுக்குப் பதில் தாமதம்" என்று மாற்றினார். அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த மாத மீட்டிங்குக்கு பாஸ்வேர்டு, லிஸ்ட், அலாரம் எல்லாவற்றையும் எப்படிச் சரிசெய்தோம் என்று பன்னிரண்டு ஸ்லைடோடு போனேன். க்ளையன்ட் மூன்றாவதிலேயே நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சனிக்கிழமை மெயில் போட்டா யார் எடுப்பாங்க?" வார இறுதிக்கு ஆள் முறை போட்டுக் கொடுத்தோம். முதல் வாரம் என் பெயர்.